பழைய குடும்பக் கடிதங்களை ஒலிப்பதிவாக வாசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் பரணிலிருந்து ஒரு கடிதக் கட்டை இறக்கி, அதை வாசித்துப் பதிவு செய்ய உட்காருகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கீழே தொகுத்திருக்கிறோம்.

விளக்கத்துக்காக ஒரு மாதிரிக் கட்டைக் கற்பனையாக வைத்துக்கொள்கிறோம். 1938 முதல் 1951 வரை மலாயாவின் ஈப்போவுக்கும் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கும் போய்வந்த கடிதங்கள். எழுதியவர்கள் மூன்று பேர்: ஈப்போவில் ஒரு கடையில் கணக்கு எழுதும் மகன், ஊரில் இருக்கும் அம்மா (எழுதத் தெரியாதவர், பக்கத்து வீட்டுப் பையனை வைத்து எழுதுகிறார்), பள்ளிக்கூடம் போகும் தங்கை. பதில்கள் எல்லாம் இந்த மூவரைச் சுற்றியே வரும்.

கட்டைப் பிரிச்சதும் முதல்ல என்ன செய்யணும்? நேரா மைக் முன்னாடி உட்கார்ந்து வாசிச்சிடலாமா?

வேண்டாம். முதலில் ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுத்தால் மங்கிய மையும் பென்சில் எழுத்தும் துலங்கும். ஃப்ளாஷ் போட்டால் தாளின் பளபளப்புதான் விழும். மடிப்புகளில் விட்டுப்போன தாளுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை பழுப்பேறி எழுத்தையும் தின்றுவிடும்.

அடுத்து, படத்தைப் பார்த்து ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்யுங்கள். வாசிப்பது இந்தப் பிரதியிலிருந்துதான், மூலக் கடிதத்திலிருந்து அல்ல. பழைய கையெழுத்தைக் கண்டுபிடித்துக்கொண்டே வாசிப்பவரின் குரலில் அந்தத் தடுமாற்றம் கேட்டுவிடும். கேட்பவர் அதைக் கடிதம் எழுதியவரின் தயக்கம் என்று எடுத்துக்கொள்வார். பிரதியை 16 புள்ளி அளவு எழுத்தில், தாளின் ஒரே பக்கத்தில் அச்செடுங்கள். ஒரு வாக்கியம் இந்தத் தாளில் தொடங்கி அடுத்த தாளில் முடியாதபடி பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டேப்ளர் போட வேண்டாம், தாள் புரளும் சத்தம் பதிவில் விழும்.

தேதி "விரோதி ௵ ஐப்பசி ௴ 12 ௳" அப்படின்னு இருக்கு. இது எந்த வருஷம்? இதை வாயால் எப்படிச் சொல்றது?

௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். வாசிக்கும்போது "விரோதி வருஷம், ஐப்பசி மாதம், பன்னிரண்டாம் தேதி". இவற்றோடு ௸ என்ற குறியும் அடிக்கடி வரும். அதை "மேற்படி" என்று வாசிக்க வேண்டும். தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் விரோதி என்பது 1889ஆகவும் இருக்கலாம், 1949ஆகவும் இருக்கலாம். தபால் முத்திரை, தபால்தலை, கடிதத்தில் பேசப்படும் ஆட்கள் மூன்றையும் வைத்து முடிவு செய்யுங்கள். நம் மாதிரிக் கட்டில் இது 1949 அக்டோபர் கடைசி.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால், விரோதி ஐப்பசி 1949 என்றால் விரோதி தையும் மாசியும் 1950இல் விழும். இதைக் கவனிக்காமல் 1949 என்று போட்டு அடுக்கினால், பொங்கல் கடிதம் அதற்கு முந்தைய தீபாவளிக் கடிதத்துக்கும் முன்னால் போய் உட்காரும். பதிவில் அம்மா கேட்காத கேள்விக்கு மகன் பதில் சொல்லிக்கொண்டிருப்பான்.

தேதியே இல்லாத கடிதங்களை எங்கே சேர்க்கறது?

தபால்தலையைப் பாருங்கள். விலை அணாவில் இருந்தால் இந்தியாவில் அது 1957 ஏப்ரலுக்கு முன்பு அச்சானது. நயா பைசாவில் இருந்தால் அதற்குப் பிறகு. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தையதாக இருக்க முடியாது. தபால்தலையும் இல்லையென்றால் கடிதத்துக்குள் ஒரு பிறப்பு, ஒரு கல்யாணம், ஒரு விலை இருக்கிறதா என்று தேடுங்கள்.

அதற்கும் பிடிபடாத கடிதத்தை ஊகித்து நடுவில் செருகாதீர்கள். தேதியில்லாத கடிதங்களைக் கடைசியில் தனிப் பகுதியாக, "தேதி தெரியாத கடிதங்கள்" என்று சொல்லியே வாசிக்கலாம். கேட்பவர் அதைக் குறையாக நினைப்பதில்லை.

மூணு பேருக்கும் மூணு குரல் மாத்திப் பேசணுமா? எனக்கு மிமிக்ரி வராதே.

வராமல் இருப்பதே நல்லது. அம்மாவுக்கு நடுங்கும் கிழவிக் குரல், தங்கைக்குக் கீச்சுக் குரல் என்று மாற்றினால் முதல் நிமிடம் சுவாரஸ்யமாக இருக்கும்; பத்தாவது நிமிடத்தில் கேட்பவர் கடிதத்தை விட்டுவிட்டு உங்கள் நடிப்பைக் கவனித்துக்கொண்டிருப்பார். அந்த அம்மாவை நேரில் அறிந்தவர்களுக்கு அது கேலியாகவும் படும்.

மூன்று விஷயங்களை மட்டும், அதுவும் கொஞ்சமாக மாற்றினால் போதும். முதலாவது வேகம். கணக்கு எழுதும் மகன் சீராக, நிறுத்தி நிறுத்தி எழுதுகிறவன். தங்கை ஒரே மூச்சில் நாலு செய்தி சொல்கிறவள். நிதானமான தமிழ் வாசிப்பு நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் என்று வைத்துக்கொண்டால், மகனுக்கு 90, தங்கைக்கு 115 என்ற அளவு வித்தியாசமே காதுக்குத் தெரியும். இரண்டாவது மைக்கிலிருந்து நீங்கள் இருக்கும் தூரம். மூன்றாவது வாக்கியத்தை முடிக்கும் விதம்: குரல் கீழே இறங்கி முடிகிறதா, அப்படியே நிற்கிறதா, அடுத்த வாக்கியத்துக்குள் ஓடிவிடுகிறதா என்பது. சுருதியைத் தொடவே வேண்டாம். மென்பொருளில் சுருதியை ஏற்றி இறக்குவதும் வேண்டாம். உயிரெழுத்துகள் கெட்டுப்போய் யாரோ வேற்று ஆள் பேசுவதுபோல் ஆகிவிடும்.

வேலையில் பெரும்பங்கைக் கடிதமே செய்துவிடுகிறது. "சிரஞ்சீவி தம்பிக்கு", "அன்புள்ள அண்ணனுக்கு", "தாயார் பாதத்துக்கு" என்று தொடங்கும்போதே யார் யாருக்கு எழுதுகிறார் என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த விளிவரியை அவசரமில்லாமல் சொல்லி, ஒரு மூச்சு விட்டு உள்ளே போங்கள்.

ஒரு குரல்ல இருந்து இன்னொரு குரலுக்குப் போறப்போ 'டக்'குனு வெட்டின மாதிரி கேட்குது. என்ன தப்பு?

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, கடிதங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் முழு நிசப்தத்தைப் போட்டிருப்பீர்கள். நாம் அமைதி என்று நினைக்கும் அறையிலும் ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. வாசிப்பின் அடியில் ஓடிக்கொண்டிருந்த அது சட்டென்று அறுந்து மறுபடி தொடங்கினால் காது விழித்துக்கொள்கிறது. இதற்காகவே, ஒவ்வொரு தடவை பதிவுக்கு உட்காரும்போதும் முதலில் ஒரு நிமிடம் பேசாமல் இருந்து அந்த அறையின் ஒலியை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். இடைவெளிகளை அதை வைத்து நிரப்புங்கள். ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்க இரண்டரை நொடி, ஆள் மாறினால் மூன்று நொடி. ஒட்டும் இடத்தில் இரண்டு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று கால் நொடி ஏறி இறங்கும்படி விடுங்கள்.

இன்னொன்று, எல்லா மாற்றத்தையும் முதல் சொல்லிலேயே கொட்டியிருப்பீர்கள். புதிய குரலின் வேகமும் தூரமும் விளிவரி முடிந்து இரண்டாவது வாக்கியத்தில் நிலைக்கு வந்தால் போதும். நாளும் ஊரும் விளியும் எல்லாக் கடிதத்துக்கும் பொதுவான சடங்கு. அவற்றை உங்கள் சொந்தக் குரலிலேயே தொடங்கலாம். அங்கிருந்து ஆளுக்குள் நழுவிப் போவதுதான் மென்மையாகக் கேட்கும்.

எல்லாத்தையும் தேதி வரிசைப்படி பதியறதா, இல்ல ஒவ்வொருத்தர் கடிதத்தையும் மொத்தமாப் பதியறதா?

ஆள்வாரியாகப் பதிந்து, தேதிவாரியாக அடுக்குங்கள். அம்மாவின் கடிதங்களை ஒரே அமர்வில் முடித்தால் அவருக்கு நீங்கள் வைத்த நிதானம் கடைசிவரை மாறாமல் இருக்கும். மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பதிந்தால், அரைமணி நேரத்தில் மூன்றும் ஒரே குரலாகக் கலந்துவிடும்.

இதில் ஒரு குறை உண்டு. அண்ணன் கேட்ட கேள்வியின் சூடு தங்கையின் பதிலில் இல்லாமல் போகலாம். அதனால் பதில் கடிதத்தைப் பதியும் முன், எந்தக் கடிதத்துக்கு அது பதிலோ அதன் கடைசிப் பத்தியை ஒருமுறை மனசுக்குள் வாசித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் முந்தைய அமர்வில் பதிந்த ஒரு நிமிடத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நாற்காலி, மைக் வைத்த இடம், பகலா இரவா எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். காலைக் குரலும் இரவுக் குரலும் ஒரே ஆளுடையதாக ஒட்டாது.

"நலம், நலமறிய அவா" எல்லாக் கடிதத்திலும் வருதே. இருபது தடவை வாசிச்சா சலிக்காதா?

சலிக்கும். ஒவ்வொருவருடைய முதல் கடிதத்திலும் சடங்கு வரிகளை முழுமையாக வாசியுங்கள். அம்மாவின் "இவ்விடம் அனைவரும் க்ஷேமம், உன் க்ஷேமத்துக்கு எழுதவும்" என்பதும் மகனின் "நலம், நலமறிய அவா" என்பதும் அவரவரை அடையாளம் காட்டும் வரிகள். அதன்பின் வரும் கடிதங்களில், அதே வரி மாறாமல் வந்தால் விட்டுவிட்டுச் செய்திக்குப் போகலாம். இப்படிச் செய்வதைத் தொகுப்பின் தொடக்கத்தில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

சடங்கு மாறும் இடத்தை மட்டும் விடாதீர்கள். பத்துக் கடிதமாக "அனைவரும் க்ஷேமம்" என்று எழுதியவர் பதினொன்றாவதில் "மற்றவர்கள் க்ஷேமம்" என்று தொடங்கினால் அந்த ஒரு சொல்லில்தான் செய்தி இருக்கிறது. குரலை அழுத்த வேண்டாம், வேகத்தைக் குறைக்காமல் சொன்னாலே போதும். பழைய கடிதங்களில் நலம் விசாரிப்பு முடிந்து "இப்பவும்" என்று ஒரு சொல் வரும். அங்கிருந்துதான் விஷயம் தொடங்குகிறது. சடங்கை வாசிக்கும் நடையிலிருந்து பேசும் நடைக்கு மாற அதைவிட நல்ல இடம் கிடையாது. அதற்கு முன் அரை நொடி நில்லுங்கள்.

அம்மா சொல்ல, வேற யாரோ எழுதின கடிதம். இதை யார் குரல்ல வாசிக்கறது?

இந்தக் கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. கடிதத்தை வரிவரியாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நம் மாதிரிக் கட்டில் அம்மாவின் கடிதம் ஒன்று இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"சிரஞ்சீவி தம்பிக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கு எழுதவும். இப்பவும் நீ அனுப்பிய ரூ 12-8-0 வந்து சேர்ந்தது. மாட்டுக்கு வைக்கோல் வாங்கியாச்சு. கிணத்துல தண்ணி கீழ போயிருச்சு. நீ எப்போது வருவாய் என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்."

முதல் மூன்று வாக்கியமும் பையனுடையவை. பள்ளிக்கூடத்திலோ பெரியவர்களிடமோ கற்றுக்கொண்ட வாய்பாடு அது. "வந்து சேர்ந்தது" வரைக்கும் அவன் சொந்தமாகச் செந்தமிழாக்கிக்கொண்டே எழுதுகிறான். "வாங்கியாச்சு", "போயிருச்சு" என்ற இடத்தில் அம்மா வேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறார், பையன் மாற்ற நேரமில்லாமல் கேட்டதை அப்படியே எழுதுகிறான். கடைசி வாக்கியத்தில் தன்னை மறைத்துக்கொள்ள மறந்து, "அம்மா கேட்கச் சொன்னார்கள்" என்று அவனே முன்னால் வந்து நிற்கிறான்.

வாசிக்கும்போது மூன்று வாக்கியங்களைச் சமமாக, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லுங்கள். "இப்பவும்" என்பதற்கு முன் அரை நொடி. "வாங்கியாச்சு" என்பதில் அம்மாவின் பேச்சு நடைக்கு வாருங்கள். மைக்குக்கு நாலு விரற்கடை நெருங்கினாலே போதும். கடைசி வாக்கியத்தில் மறுபடி பையனின் சமநிலைக்குப் போய்விடுங்கள். பலரும் அந்த வரியைத்தான் உருக்கமாக வாசிக்கிறார்கள், அது தவறு. அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்காமல் கேட்கச் சொல்லியிருக்கிறார் அம்மா. பையன் அதைச் செய்தியாகச் சொல்கிறான். அவன் எழுதிய அந்த இடைவெளியை நம் குரல் அடைத்துவிடக் கூடாது.

ரூ 12-8-0 இதை எப்படி வாசிக்கறது? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியுமா?

"பன்னிரண்டு ரூபாய் எட்டணா". ரூபாய், அணா, பை என்ற வரிசை அது. 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. மலாயாவிலிருந்து வரும் கடிதத்தில் அங்கத்து டாலரை "வெள்ளி" என்றே எழுதியிருப்பார்கள், அப்படியே வாசியுங்கள்.

கடிதத்துக்குள் புகுந்து விளக்காதீர்கள். "எட்டணா, அதாவது ஐம்பது பைசா" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அங்கே எழுதியவரின் குரல் உடைந்து நீங்கள் எட்டிப் பார்க்கிறீர்கள். விளக்கம் அவசியம் என்றால் கடிதம் தொடங்கும் முன், உங்கள் சொந்தக் குரலில் வரும் இணைப்பு வரியில் சொல்லிவிடுங்கள்.

இணைப்பு வரி எவ்வளவு இருக்கணும்? ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னாடி யார், எங்கே, எப்போன்னு சொல்லணுமா?

முதல் நாலைந்து கடிதங்களுக்குச் சொல்லுங்கள். அதன்பின் கேட்பவருக்கு ஆட்கள் பழகிவிடுவார்கள், விளிவரியே போதும். ஊர் மாறும்போது, ஆண்டுக் கணக்கில் இடைவெளி விழும்போது, இல்லாத கடிதத்தைக் குறிப்பிடும்போது மட்டும் மறுபடி பேசுங்கள். ஒரு வரி பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "1938 ஆடி. ரஜுலா கப்பலில் பினாங்குக்குப் போய், அங்கிருந்து ஈப்போ" என்ற அளவு போதும். வரிக்கும் கடிதத்துக்கும் நடுவில் ஒரு நொடி.

கப்பல் தபாலில் கடிதங்கள் ஒன்றையொன்று வழியில் கடந்து போகும். அம்மா 1ஆம் தேதி கேட்டதற்கு மகன் 4ஆம் தேதிக் கடிதத்தில் பதில் சொல்லவில்லையே என்று கேட்பவர் குழம்புவார், அவன் கையில் அது அப்போது வந்தே சேர்ந்திருக்காது. எழுதிய தேதி வரிசையை மாற்ற வேண்டாம். "அம்மாவின் கடிதம் அப்போது கடலில் இருந்தது" என்ற ஒரு வரி அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

1942 தொடக்கத்தோட கடிதம் நின்னுபோய், 1945 கடைசியிலதான் அடுத்தது இருக்கு. நடுவுல தொலைஞ்சுபோச்சா?

தொலைந்திருக்க வாய்ப்பு குறைவு. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதற்கு முன்பே மலாயா அவர்கள் கைக்குப் போய்விட்டது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பும்வரை இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் வழக்கமான தபால் இல்லை. பர்மாக் கடிதங்களிலும் இதே காலத்தில் இப்படி ஓர் ஓட்டை இருக்கும்.

பதிவில் இந்த இடத்தை நீங்கள் நிரப்பக் கூடாது. போர் வரலாறு சொல்லத் தொடங்கினால் கட்டு கைவிட்டுப்போகும். 1942இன் கடைசிக் கடிதம் முடிந்ததும் அறையின் ஒலியை மட்டும் ஆறு நொடி ஓடவிடுங்கள். பிறகு "அடுத்த கடிதம் 1945 கார்த்திகை" என்று ஒரே வரி. எட்டு நொடிக்கு மேல் போனால் பதிவு நின்றுவிட்டதென்று கேட்பவர் போனை எடுத்துப் பார்ப்பார்.

தாத்தா செத்த சேதி சொல்ற கடிதம் மட்டும் இல்லவே இல்லை. அதை நாமளா எழுதிச் சேர்க்கலாமா?

கூடாது. துக்கச் செய்தி வந்த கடிதத்தை வாசித்ததும் கிழித்துப்போடுவது, வீட்டுக்குள் வைக்காமல் இருப்பது பல வீடுகளில் வழக்கம். அதனால்தான் கட்டில் அது இருக்காது. அதற்கு அடுத்த கடிதத்தைக் கவனியுங்கள்: தலையில் பிள்ளையார் சுழி இருக்கிறதா, "அனைவரும் க்ஷேமம்" இருக்கிறதா, செலவுக் கணக்கில் பதினாறாம் நாள் காரியம் வருகிறதா. செய்தி அங்கே கிடைத்துவிடும். முன் கேள்வியில் சொன்னதுபோல ஓர் இணைப்பு வரி போட்டு, அந்த அடுத்த கடிதத்தை எதையும் கூட்டாமல் வாசியுங்கள்.

தங்கச்சி 1938ல ஒன்பது வயசு. 1951ல கல்யாணமாகிப் புகுந்த வீட்ல இருந்து எழுதுறா. குரலை எப்படி வளர்க்கறது?

ஆண்டுக்கு ஆண்டு மாற்ற முயலாதீர்கள், அது காதில் நிற்காது. இரண்டே நிலை போதும், மாறும் இடத்தைக் கடிதங்களே காட்டும். சின்ன வயதுக் கடிதங்களில் வாக்கியம் முடியாமல் "அப்புறம்", "அப்புறம்" என்று ஓடும். அங்கே முற்றுப்புள்ளிகளில் நிற்காமல் வாசியுங்கள். புகுந்த வீட்டிலிருந்து எழுதும்போது "நீ" போய் "தாங்கள்" வந்திருக்கும். மாமியாரோ கணவரோ வாசிக்கக்கூடும் என்று அறிந்து எழுதிய கடிதம் அது. வேகத்தை மகனுடைய 90க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், வாக்கியத்தை முழுதாக முடியுங்கள்.

அப்படிப்பட்ட கடிதங்களில் மடிப்பின் ஓரத்தில் குறுக்காகப் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். பெரும்பாலும் பழைய தங்கை அங்கேதான் இருப்பாள். கடிதத்தைக் கையெழுத்து வரை வாசித்து ஒரு நொடி நின்று, மைக்குக்கு நெருங்கி, சின்ன வயதுக் கடிதங்களின் வேகத்தில் அந்த இரண்டு வரியைச் சொல்லுங்கள். தட்டச்சுப் பிரதி தயாரிக்கும்போதே ஓர வரிகளுக்கு [ஓரம்] என்று குறி போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கடிதத்தின் உடலோடு ஒட்டி வாசித்துவிடுவீர்கள்.

எழுத்துப்பிழை இருக்கு, பேச்சு வழக்கு கலந்திருக்கு. திருத்தி வாசிக்கலாமா?

பேச்சு வழக்கைத் தொடாதீர்கள். "கெளம்பி", "தொவரம் பருப்பு" என்று எழுதியிருந்தால் எழுதியவர் வாயில் அது எப்படி வந்தது என்பதற்கு உங்களிடம் உள்ள ஒரே சாட்சி அதுதான். கை தவறி விழுந்த பிழையை (ள வர வேண்டிய இடத்தில் ல) சரியான உச்சரிப்பில் வாசித்துவிடலாம். எதிர்ப்பக்கமும் கவனம் வேண்டும்: அவர் "வந்தது" என்று எழுதியிருக்க, உருக்கத்துக்காக நீங்கள் "வந்துச்சு" ஆக்க வேண்டாம். உங்களுக்குப் பழக்கமில்லாத வட்டார இழுவையையும் முயல வேண்டாம். சொல்லே அந்த வட்டாரத்தைக் காட்டும்.

மை அழிந்து படிக்க முடியாத சொல்லை ஊகித்து நிரப்பாதீர்கள். அந்த இடத்தில் ஒரு நொடி நின்று கடந்து போங்கள். ஒரு வரி முழுதும் போயிருந்தால் மட்டும் உங்கள் சொந்தக் குரலில் "இங்கே ஒரு வரி அழிந்திருக்கிறது" என்று சொல்லுங்கள்.

ஸ்டுடியோ எல்லாம் கிடையாது. போன்ல பதிஞ்சாப் போதுமா? மைக் எவ்வளவு தூரத்துல இருக்கணும்?

போதும், அறை சரியாக இருந்தால். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள ஹாலில் குரல் எதிரொலிக்கும். அதைப் பிறகு நீக்க முடியாது. துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதைப் பார்த்து உட்காருங்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையைச் சாய்த்துவையுங்கள். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். போனை ஃப்ளைட் மோடில் போட்டு, உங்கள் வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். நேராக வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதி 'புஸ்' என்று விழும்.

பல போன்களில் உள்ள பதிவுச் செயலி, மெதுவாகப் பேசினால் தானாக ஒலியைக் கூட்டிக்கொள்ளும். அது நடந்தால் நீங்கள் தூரத்தால் செய்த மாற்றம் முழுக்க வீண். சோதித்துப் பார்ப்பது எளிது: சத்தமாக ஒரு வாக்கியம் சொல்லி, ஐந்து நொடி பேசாமல் இருங்கள். திரும்பக் கேட்கும்போது அந்த அமைதியில் அறை இரைச்சல் மெல்ல ஏறிவந்தால் செயலி தானாகக் கூட்டுகிறது. அமைப்புகளில் அதை நிறுத்துங்கள், முடியாவிட்டால் வேறு செயலிக்கு மாறுங்கள். கோப்பு WAV வடிவில் இருக்கட்டும்.

எடிட் பண்ணி முடிச்சதும் எல்லாரும் ஒரே குரல் மாதிரி தட்டையா ஆகிடுச்சு. பதியறப்போ நல்லாத்தானே இருந்தது?

ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனியாக ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். அம்மாவின் தாழ்ந்த குரலை மென்பொருள் மகனின் அளவுக்குத் தூக்கிவிட்டது. முதலில் எல்லாத் துண்டுகளையும் அடுக்கி, இடைவெளிகளைப் போட்டு, ஒரே கோப்பாக்குங்கள். கடைசியில் முழுக் கோப்புக்கும் ஒரே தடவை ஒலி அளவைச் சரிசெய்யுங்கள். ஆடாசிட்டியில் `Loudness Normalization` என்பதைத் திறந்து `-16 LUFS` கொடுத்து, `Treat mono as dual-mono` என்பதில் குறி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இரைச்சல் நீக்கத்தை அளவாக வையுங்கள், 6 முதல் 9 dB வரை. அதற்கு மேல் போனால் சொற்களின் கடைசி மூச்சும் சேர்ந்து போய், தண்ணீருக்குள் பேசுவதுபோல் கேட்கும். வாக்கியங்களுக்கு நடுவிலுள்ள மூச்சுச் சத்தத்தை எல்லாம் வெட்டவும் வேண்டாம். தங்கையின் ஒரே மூச்சு வாக்கியத்துக்குப் பிறகு வரும் மூச்சு அவளுடைய வேகத்தில் ஒரு பகுதி.

வாசிக்கும்போது எனக்கே அழுகை வந்துடுது. அதை அப்படியே விட்டுடலாமா?

அந்தப் பதிவைத் தனியாக எடுத்துவையுங்கள், அழிக்க வேண்டாம். ஆனால் தொகுப்பில் மறுபடி வாசித்ததைப் போடுங்கள். குரல் உடைவது உங்களுடைய துக்கம். அந்த வரியை எழுதியபோது அம்மா வைக்கோல் விலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கலாம். பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியும், எழுதியவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாததை உங்கள் குரல் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது.

கடிதம் நம்ம வீட்லதானே இருக்கு. யூடியூப்ல போட யாரைக் கேட்கணும்?

தாள் உங்களுடையது, எழுதப்பட்ட சொற்களின் உரிமை எழுதியவருடையது. அவருக்குப் பின் அவர் வாரிசுகளுடையது. கடிதம் பெற்றவரின் பிள்ளை என்பதால் மட்டும் அது உங்களுக்கு வந்துவிடாது. நம் மாதிரிக் கட்டில் அண்ணனின் கடிதங்களுக்கு அண்ணன் பிள்ளைகளிடமும், தங்கையின் கடிதங்களுக்கு அவர் பிள்ளைகளிடமும் சம்மதம் வாங்க வேண்டும். வாட்ஸாப்பில் வாய்ப்பேச்சாக இல்லாமல், எந்தெந்தக் கடிதம், எங்கே வெளியிடுவது என்று எழுதி வாங்குங்கள். குடும்பத்துக்குள் மட்டும் பகிர்வதென்றாலும் கேட்டுவிட்டுச் செய்வது முறை.

கடன், நோய், நின்றுபோன சம்பந்தம், சாதி வசவு போன்றவை வரும் வரிகளில் உயிரோடு இருப்பவர் யாரேனும் புண்படுவார் என்றால் அந்த வரிகளை விட்டுவிடலாம். "சில வரிகள் விடப்பட்டுள்ளன" என்று அந்த இடத்தில் உங்கள் குரலில் சொல்லுங்கள். மென்மையாக்கி மாற்றி எழுதி வாசிப்பது மட்டும் கூடாது. அது எழுதியவர் வாயில் நம் சொல்லைப் போடுவது.

தங்கச்சி, அதாவது எங்க அத்தை, இன்னும் இருக்காங்க. அவங்க கடிதத்தை அவங்களையே வாசிக்கச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் தொகுப்பு முழுக்க உங்கள் குரலில் இருக்க, நடுவில் அவர் குரல் மட்டும் வந்தால் மற்ற இருவரும் நடிக்கப்படுகிறவர்களாகத் தோன்றத் தொடங்குவார்கள். அவர் வாசிப்பதைத் தனிக் கோப்பாக வைத்து, தொகுப்பின் கடைசியில் ஒரு கடிதத்துக்கு மட்டும் சேர்ப்பது நன்றாக அமையும். அவருக்கு 20 புள்ளி எழுத்தில் பிரதி கொடுங்கள். முன்கூட்டி ஒத்திகை வேண்டாம், முதல் வாசிப்பிலிருந்தே பதியுங்கள். நடுவில் நிறுத்தி "இது யாருன்னா..." என்று பேசத் தொடங்கினால் குறுக்கிடாதீர்கள், பதிவை நிறுத்தவும் செய்யாதீர்கள்.

உங்கள் பிரதியில் படிக்க முடியாமல் விட்ட சொற்களையும், ஊகத்தில் போட்ட தேதிகளையும் ஒரு தாளில் எழுதி அன்றைக்கு அவரிடம் கொண்டுபோங்கள். மூலக் கடிதத்தின் படத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினால், தன் கையெழுத்தை அவர் நாம் படிப்பதைவிட வேகமாகப் படிப்பார். திருத்தங்கள் வந்தால் அந்தக் கடிதத்தை முழுதாக மறுபடி பதியுங்கள். ஒரு சொல்லை மட்டும் நடுவில் வெட்டி ஒட்டினால், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அந்த இடம் காதில் தட்டும்.